ஒரு கணினி விழித்தால் கட்டடமே மறக்கிறது

காலை ஒன்பது மணியிலிருந்து ஒன்பதரை வரை அலுவலக நெட்வொர்க் விட்டுவிட்டுத் திணறுகிறது. கோப்பைத் திறக்கப் போனால் மூன்று, நான்கு விநாடி எதுவும் அசையாது. போனில் பேசுபவரின் குரல் அறுந்து அறுந்து வரும். என்னவென்று பார்க்க எழுவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். பத்து மணிக்குப் பிறகு புகாரே இருக்காது. இணையச் சேவைக்காரரை அழைத்தால் லைன் நன்றாக இருக்கிறது என்பார். அவர் சொல்வது உண்மைதான். கோளாறு கட்டடத்துக்குள்ளேயே, மாடிக்கு மாடி பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் ஸ்விட்ச்களில் இருக்கிறது. அவை தாம் கற்றதையெல்லாம் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்விட்ச் எதைக் கற்கிறது? நெட்வொர்க்கில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு. ஒரு போர்ட் வழியாகத் தகவல் உள்ளே வரும்போது, அதை அனுப்பிய கருவியின் மேக் முகவரியையும் அது வந்த போர்ட்டையும் ஸ்விட்ச் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கருவிக்கு யாராவது எதையாவது அனுப்பினால், அது அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் போகும். முகவரி அட்டவணையில் இல்லையென்றால் ஸ்விட்சுக்கு வேறு வழியில்லை. வந்த போர்ட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் நகல் அனுப்பும். இதைத்தான் ஃப்ளட்டிங் என்கிறார்கள். ஒரு முகவரி தொடர்ந்து 300 விநாடி பேசாமல் இருந்தால் அதன் குறிப்பு அழிந்துவிடும். பெரும்பாலான ஸ்விட்ச்களில் இதுதான் வழக்கமான கணக்கு.

அட்டவணையை அவசரமாக அழிக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதற்கு ஸ்பானிங் ட்ரீயிடம் போக வேண்டும். ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று ஸ்விட்ச்களுக்கு இடையே மாற்றுக் கேபிள் போட்டால், அது வட்டமாகிவிடும். வட்டத்துக்குள் சிக்கிய தகவல் ஓயாமல் சுற்றி நெட்வொர்க்கையே முடக்கும். 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய முறை இதைத் தீர்த்தது. ஸ்விட்ச்கள் தங்களுக்குள் பேசி, ஒரு ஸ்விட்சை வேராகக் கொண்டு, உபரியான கேபிள்களைத் தற்காலிகமாக அடைத்துவைக்கும். முதன்மை வழி போனால் அடைத்ததைத் திறந்துவிடும்.

இப்போது மூன்று ஸ்விட்ச்களை நினைத்துக்கொள்ளுங்கள்: தலைமை ஸ்விட்ச், முதல் மாடி, இரண்டாம் மாடி. மூன்றும் முக்கோணமாக இணைந்திருக்கின்றன. இரு மாடிகளுக்கும் இடையிலான நேர்க் கேபிள் மட்டும் அடைபட்டிருக்கிறது. முதல் மாடியிலுள்ள பிரிண்டருக்குப் போக வேண்டுமானால் தலைமை ஸ்விட்ச் வழியாகத்தான் போக வேண்டும் என்று இரண்டாம் மாடி ஸ்விட்ச் குறித்து வைத்திருக்கிறது. முதல் மாடிக்கும் தலைமை ஸ்விட்சுக்கும் இடையிலான கேபிள் திடீரென்று அறுகிறது. அடைபட்டிருந்த நேர்க் கேபிள் திறக்கிறது. வழி கிடைத்துவிட்டது, ஆனால் இரண்டாம் மாடி ஸ்விட்சிடம் இருப்பது பழைய குறிப்பு. பிரிண்டருக்கு வருவதையெல்லாம் அது தலைமை ஸ்விட்சை நோக்கியே அனுப்பும், அங்கிருந்து போக இடமின்றி எல்லாம் வீணாகும். பிரிண்டராக ஏதாவது பேசும்வரை, அல்லது 300 விநாடி முடியும்வரை, இந்த நிலை மாறாது. நல்ல வழி திறந்த பிறகும் ஐந்து நிமிடம் இருட்டு.

இதைத் தவிர்க்கத்தான் ‘அமைப்பு மாறிவிட்டது’ என்று ஸ்விட்ச்கள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ஏற்பாடு வந்தது. பழைய ஸ்பானிங் ட்ரீயில் இந்தச் செய்தி முதலில் வேர் ஸ்விட்சுக்குப் போகும். அது 35 விநாடி நேரம் எல்லோருக்கும் முரசறையும். அந்த நேரத்தில் 300 விநாடிக் கெடு 15 விநாடியாகச் சுருங்கும். 2001இல் வந்த ராப்பிட் ஸ்பானிங் ட்ரீ இன்னும் கறாரானது. மாற்றத்தைக் கண்ட ஸ்விட்சே நேரடியாக அக்கம்பக்கத்துக்குச் சொல்லும். கேட்ட ஸ்விட்ச், செய்தி வந்த போர்ட்டைத் தவிர மற்றவற்றில் கற்ற முகவரிகளை அந்தக் கணமே அழித்துவிட்டு அடுத்த ஸ்விட்சுக்குச் சொல்லும். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தவறான குறிப்பை வைத்துக்கொண்டிருப்பதைவிட மறந்துவிடுவது மேல். எந்த வழியும் மாறாத சமயத்தில் கேபிள் அறுந்ததாக நினைத்து மறப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது? நான்கு மாடி அலுவலகம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தில் தலைமை ஸ்விட்ச், மாடிக்கு ஒரு ஸ்விட்ச், 150 கணினிகள். 30 கண்காணிப்பு கேமராக்கள் தனி ஸ்விட்ச் ஒன்றில் இருக்கின்றன. அவற்றின் படத்தைப் பதிவுசெய்யும் ரெக்கார்டர் நேராகத் தலைமை ஸ்விட்சில் செருகியிருக்கிறது. சிறிய அலுவலகங்களில் வழக்கமாக நடப்பதுபோல எல்லாம் ஒரே வி-லேனில். ஒரு கேமராவுக்கு 4 மெகாபிட் என்று கணக்கிட்டால், விநாடிக்கு 120 மெகாபிட் படம் ரெக்கார்டரை நோக்கி ஓய்வில்லாமல் போகிறது. பதில் எதிர்பார்க்காத யூடிபி முறையில் போவதால் ரெக்கார்டர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. சில விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று எதையாவது சொல்லும், அவ்வளவுதான்.

சரியாக ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடியில் ஒருவர் கணினியை இயக்குகிறார். அவருடைய கேபிள் செருகியிருக்கும் போர்ட் உயிர்பெறுகிறது. மறுமுனையில் இருப்பது கணினியா, இன்னொரு ஸ்விட்சா என்று மாடி ஸ்விட்சுக்குத் தெரியாது; யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஸ்விட்சாக இருந்தால் வட்டம் உருவாகக்கூடும் என்பதால் முதலில் 15 விநாடி, பிறகு இன்னொரு 15 விநாடி பொறுத்துப் பார்க்கிறது. 9:00:30க்குப் போர்ட்டைத் திறக்கிறது. ஒரு புதிய வழி திறந்ததாகவே அதற்குத் தோன்றுகிறது. உடனே அறிவிப்பு கிளம்புகிறது. (இந்த அரை நிமிடத் தாமதம்தான் பலரைத் திசைதிருப்புகிறது. கணினியை இயக்கியதற்கும் நெட்வொர்க் திணறியதற்கும் தொடர்பிருப்பதாக யாருக்கும் தோன்றாது.)

தலைமை ஸ்விட்ச் அந்த அறிவிப்பைக் கேட்டுத் தன் அட்டவணையை அழிக்கிறது. ரெக்கார்டரின் முகவரியும் அதில் போய்விடுகிறது. கேமரா படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. எனவே நான்கு மாடிக்கும் 120 மெகாபிட் போகிறது. மாடி ஸ்விட்ச்களிடமும் அந்த முகவரி இல்லாதபோது, தம்மிடமுள்ள அத்தனை போர்ட்டுகளிலும் அதைக் கொட்டுகின்றன. ஜிகாபிட் வேகத்தில் இணைந்த கணினி இதைத் தாங்கிக்கொள்ளும். 100 மெகாபிட்டில் இணைந்த மேசை போனும் கணக்குப் பிரிவின் பழைய கணினியும் தாங்காது. 100 மட்டுமே கொள்ளும் குழாயில் 120 வந்தால் வரிசை நிரம்பி, பேச்சும் கோப்பும் சேர்ந்தே உதிரும். ரெக்கார்டர் ஒரு வார்த்தை பேசியதும் தலைமை ஸ்விட்ச் அதன் இடத்தைத் திரும்பக் கற்கும், வெள்ளம் நிற்கும். ஆனால் அறிவிப்பு ஒரே தடவையோடு நிற்பதில்லை. 2 விநாடிக்கு ஒருமுறை, சில விநாடிகளுக்கு அது மீண்டும் வரும். கற்றதும் மறுபடி அழியும். பயனர் உணரும் அந்த மூன்று, நான்கு விநாடி இதுதான்.

150 கணினிகள் அரை மணி நேரத்தில் இயங்கத் தொடங்கினால், சராசரியாக 12 விநாடிக்கு ஒருமுறை மொத்தக் கட்டடமும் மறக்கிறது. மாலையில் அணைக்கும்போது ராப்பிட் முறையில் அறிவிப்பு எழாது, ஏனென்றால் போர்ட் திறப்பதை மட்டுமே அது மாற்றமாகக் கருதும். பழைய முறையில் அணைத்தாலும் எழும்.

எல்லா அலுவலகமும் இதை உணர்வதில்லை. கோப்பு இறக்குவது போன்ற டிசிபி வேலைகளில் பெறுபவர் ஓயாமல் பதில் அனுப்பிக்கொண்டே இருப்பார். முதல் பதிலிலேயே ஸ்விட்ச் மீண்டும் கற்றுவிடும். மில்லி விநாடிகளில் முடியும் கதை அது. அதிகம் வாங்கி, குறைவாகப் பேசும் கருவி ஒன்று நெட்வொர்க்கில் இருந்தால்தான் வலி தெரியும்.

சந்தேகம் வந்தால் சோதிப்பது கடினமில்லை. திணறும் நேரத்தில் உங்கள் கணினியில் வயர்ஷார்க்கை இயக்கி, பொது அறிவிப்புகளையும் உங்களுக்கு வருபவற்றையும் வடிகட்டிவிடுங்கள். கடைசியில் உள்ளது உங்கள் மேக் முகவரியாக இருக்க வேண்டும்:

```
not ether multicast and not ether host 00:11:22:33:44:55
```

ஆரோக்கியமான நெட்வொர்க்கில் திரை ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். கேமராவிலிருந்து ரெக்கார்டருக்குப் போக வேண்டியது உங்கள் மேசையில் வந்து குவிந்தால், ஸ்விட்ச் மறந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்து, மறக்கச் சொன்னது யார் என்று தேட வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சில் இந்தக் கட்டளை:

```
show spanning-tree detail | include ieee|occurr|from|is exec
```

எத்தனை முறை மாற்றம் அறிவிக்கப்பட்டது, கடைசியாக எவ்வளவு நேரத்துக்கு முன், எந்தப் போர்ட்டிலிருந்து என்று அது சொல்லும். தலைமை ஸ்விட்ச் மூன்றாம் மாடிக்குப் போகும் போர்ட்டைக் காட்டினால் மூன்றாம் மாடி ஸ்விட்சில் நுழைந்து அதையே கேளுங்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தால் கடைசியில் ஒரு மேசைக்குப் போகும் கேபிளில் போய் நிற்பீர்கள்.

மருந்து எளியது. கணினி, பிரிண்டர், கேமரா, ரெக்கார்டர் செருகும் போர்ட்டுகளை விளிம்புப் போர்ட் என்று அறிவிக்க வேண்டும்:

```
spanning-tree portfast
spanning-tree bpduguard enable
```

முதல் வரிக்குப் பிறகு அந்தப் போர்ட் இயங்குவதும் அணைவதும் அமைப்பு மாற்றமாகக் கருதப்படாது; 30 விநாடிக் காத்திருப்பும் போகும். அதிகம் பேசப்படாத இன்னொரு பலனும் இருக்கிறது. ராப்பிட் விதிப்படி, வேறெங்கிருந்தோ உண்மையான அறிவிப்பு வந்தாலும் விளிம்புப் போர்ட்டில் கற்ற முகவரிகள் அழிவதில்லை. ரெக்கார்டரின் போர்ட்டை விளிம்பாக்கிவிட்டால் தலைமை ஸ்விட்ச் அதன் இடத்தை மறக்கவே மறக்காது.

இரண்டாம் வரியை விட்டுவிடாதீர்கள். விளிம்பு என்று சொன்ன போர்ட்டில் யாராவது ஒரு ஸ்விட்சைச் செருகினால், காத்திருப்பு இல்லாமலே போர்ட் திறந்து வட்டம் உருவாகலாம். சில விநாடி மந்தத்துக்குப் பதிலாக நெட்வொர்க்கே விழும். ஸ்விட்சின் ஸ்பானிங் ட்ரீ செய்தியைக் கேட்டதும் போர்ட்டை மூடுவது இந்த இரண்டாம் வரியின் வேலை. அதே காரணத்தால், ஸ்விட்சையும் ஸ்விட்சையும் இணைக்கும் போர்ட்டில் முதல் வரியைப் போடவே கூடாது.

இதையெல்லாம் செய்த ஒரு வாரத்துக்குப் பின் அதே `show` கட்டளையை மறுபடி இயக்கிப் பாருங்கள். எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டிருந்து, பின்தொடர்ந்து போன கடைசி ஸ்விட்சிலும் `from` என்பதற்குப் பக்கத்தில் இரு ஸ்விட்ச்களை இணைக்கும் போர்ட்டின் பெயர் இருந்தால், அங்கே எந்த அமைப்பு மாற்றமும் உதவாது. அந்த ஃபைபரோ அதன் முனையிலுள்ள எஸ்எஃப்பியோ உண்மையாகவே விட்டுவிட்டு வேலை செய்கிறது, மாற்றத்தான் வேண்டும்.