உடல் கடிகாரம் - 7: இரண்டு மணித் தூக்கம்

பல்லேகமவில் மதியம் சோறும் கறியும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறவருக்கு இரண்டு மணியளவில் கண் சொக்கினால், பழி முழுவதும் சோற்றின் மேல்தான் விழும். வயிறு நிறையச் சாப்பிட்டால் அசதி கூடும் என்பது உண்மைதான். ஆனால் மதியம் சாப்பிடாதவருக்கும் அந்த நேரத்தில் விழிப்பு தளர்கிறது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பெரெட்ஸ் லாவி என்ற தூக்க ஆய்வாளர் 1980களில் இதைச் சோதித்தார். ஏழு நிமிடம் படுக்கை, பதின்மூன்று நிமிடம் விழிப்பு என்று நாள் முழுவதும் மாறி மாறி வைத்துப் பார்த்தார். பிற்பகலின் நடுவில் பலர் எளிதாகத் தூங்கினார்கள். மாலையில், வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், தூக்கம் வரவே மறுத்தது. உடலின் கடிகாரமே பிற்பகலில் ஒரு பள்ளம் வைத்திருக்கிறது.

அந்தப் பள்ளத்தை எப்படிக் கடப்பது? நமக்கு அருகில் நடந்த ஒரு சோதனை சென்னையினுடையது. 2021இல் வெளியான அந்த ஆய்வில் வருமானம் குறைந்த 452 பேர் கணினியில் தரவு பதியும் வேலை செய்தார்கள். அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். சூடு, சத்தம், கொசு எல்லாம் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கின. இரவுத் தூக்கத்தை அரை மணி நேரம் அளவுக்குக் கூட்டியும் வேலையில் தெளிவான முன்னேற்றம் வரவில்லை. பிற்பகலில் அலுவலகத்திலேயே அரை மணி நேரம் படுக்க இடம் கொடுத்தபோதோ, வேலைத் திறனும் மன நலமும் மேம்பட்டன. ஒரு குறையும் உண்டு: ஓய்வெடுக்காமல் வேலை செய்தவர்கள் கூடுதல் நேரத்தால் அதிகம் சம்பாதித்தார்கள். கூலியை நேரக் கணக்கில் வாங்குகிறவருக்கு இது சிறிய விஷயமல்ல.

படுப்பதென்றால் இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், மூன்று மணிக்கு முன் எழுந்துவிடுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கம் தொடங்கிவிடக்கூடும். நடுவில் எழுந்தால் தலை கனத்து, முன்பைவிட மந்தமாக இருக்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இரவுக்கான தூக்கத் தேவை மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. நீண்ட பகல் தூக்கம் அந்தச் சேமிப்பைக் கரைப்பதால்தான் இரவில் புரள நேர்கிறது.

பிளேன் டீயைப் படுப்பதற்கு முன்பே குடிப்பது நல்லது. கஃபீன் வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி ஆகும் என்பதால் எழும்போது அது கைகொடுக்கும். ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் சுமார் பாதி உடலில் தங்கியிருக்கும். ஆகவே நாலு மணித் தேநீரை இரவுத் தூக்கம் குறைந்தவர்கள் விட்டுவிடலாம்.

இரவில் தூக்கமே வராமல் அவதிப்படுகிறவர் பகலில் படுக்காமல் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நடக்கட்டும். இரவில் பலத்த குறட்டையும் பகலெல்லாம் அடங்காத தூக்கமும் சேர்ந்திருந்தால், அது மூச்சுத் தடையின் அறிகுறியாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவர் சோற்றைக் குறைத்துப் பார்த்து நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.