"வயிறு வலிக்குதும்மா"

விடியற்காலை 4 மணிக்கு 14 வயதுப் பையன் ஒருவன் வலியில் விழித்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வலி இடது விரையில். அங்கிருந்து அடிவயிற்றுக்கு ஏறுகிறது; இரண்டு முறை வாந்தியும் எடுத்துவிட்டான். அம்மா கேட்டால் "வயிறு வலிக்குதும்மா" என்கிறான். அந்த வயதுப் பையனுக்கு அதற்குமேல் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். ஏழு மணிக்கு அப்பா தனியாக உட்கார்ந்து கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வருகிறது. மூன்று மணி நேரம் போய்விட்டது.

விரை ஒரு தண்டில் தொங்குகிறது. அதற்கு ரத்தம் போவதும் வருவதும் அந்தத் தண்டுக்குள் ஓடும் குழாய்கள் வழியாகத்தான். சிலருக்குப் பிறவியிலேயே விரை பையோடு சரியாக ஒட்டியிருக்காது, மணியின் நாக்கு போல ஆடும். அப்படிப்பட்ட விரை தூங்கும்போதுகூடத் திரும்பி, தண்டைப் பிழிந்த துணிபோல முறுக்கிவிடலாம். ரத்தத்தை வெளியேற்றும் சிரை முதலில் அடைபட, விரை வீங்கும். பிறகு தமனியும் நசுங்க, விரை சாகத் தொடங்கும். இது எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம்.

வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் விரை பிழைக்கும். 12 மணி நேரம் கடந்தால் வாய்ப்பு பாதியாகிவிடும். ஒரு நாள் ஆனால் பெரும்பாலும் அகற்றத்தான் வேண்டும். நம் பையனுக்குக் கெடு காலை 10 மணி. பக்கத்துக் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல், உடனே அறுவை சிகிச்சை செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் காபிகூடக் கொடுக்கக் கூடாது.

"பந்து பட்டிருக்கும்", "கிருமித் தொற்று, மாத்திரை போதும்" என்று அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தொற்றின் வலி பொதுவாக மெல்ல மெல்லக் கூடும். முறுக்கு வலி திடீரென்று வரும். முறுக்கிய விரை மேலே ஏறி, குறுக்காகக் கிடக்கும். தொடையின் உட்புறத்தை வருடினால் விரை தானாக மேலே இழுபடுவது இயல்பு; முறுக்கில் பெரும்பாலும் அது நடக்காது. டாப்ளர் ஸ்கேன் ரத்த ஓட்டத்தைக் காட்டும். ஆனால் சந்தேகம் வலுவாக இருந்தால், ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் திறந்து பார்ப்பதே சரி. திறந்து பார்த்து முறுக்கு இல்லை என்று தெரிந்தால் நஷ்டம் ஒரு சிறு தழும்புதான்.

ஒன்பது மணிக்கு நம் பையனுக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. அவிழ்த்த விரையின் கருநீலம் மெல்ல மாறி இளஞ்சிவப்பாகிறது. அதைத் தையல் போட்டு நிலைநிறுத்திய டாக்டர், வலது பக்கத்தையும் தைக்கிறார். அந்தப் பிறவிக் குறை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும்.

போன மாதமும் இதே வலி வந்து, அரை மணி நேரத்தில் தானாகப் போனதாகப் பையன் பிறகு சொல்கிறான். அன்றைக்கும் விரை முறுக்கியிருக்கும், தானாக அவிழ்ந்துகொண்டிருக்கும். வலி போய்விட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும்.