கணினிக்குத் தெரியாமல் கை மாறும் கேட்வே

அலுவலகக் கணினியில் ‘டீஃபால்ட் கேட்வே’ என்று ஒரே ஒரு முகவரிதான் இருக்கும். இணையமோ, இன்னொரு கட்டடத்து சர்வரோ, வெளியே எங்கு போவதென்றாலும் அந்த முகவரியை வைத்திருக்கும் ஸ்விட்ச் வழியாகத்தான் போக வேண்டும். அது நின்றுபோனால், பக்கத்து ரேக்கில் இன்னொரு ஸ்விட்ச் தயாராக இருந்தும் பயனில்லை. அதன் முகவரி கணினிக்குத் தெரியாதே! இந்தச் சிக்கலுக்காக 1998-ல் பொதுத் தரமாக வெளிவந்த நெறிமுறைதான் வி.ஆர்.ஆர்.பி.

ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கணினிகளுக்கு மேலே இரண்டு ஸ்விட்ச்கள். முதலாவதின் முகவரி 192.168.10.2, இரண்டாவதின் முகவரி 192.168.10.3. கணினிகளுக்கு கேட்வே என்று இந்த இரண்டையுமே சொல்வதில்லை; 192.168.10.1 என்ற பொது முகவரியைத்தான் கொடுக்கிறோம். முதல் ஸ்விட்சுக்கு முன்னுரிமை எண் 120, இரண்டாவதற்கு 100. எண் பெரிதாக உள்ளது ‘மாஸ்டர்’ ஆகி, பொது முகவரியின் வேலையைச் செய்கிறது. மற்றது ‘பேக்கப்’.

ஐ.பி. முகவரியை மட்டும் பொதுவாக்கினால் போதாது. கணினி ஒரு பாக்கெட்டை கேட்வேக்கு அனுப்பும்போது அதன் மேல் எழுதுவது மேக் முகவரியை. அதை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே மேக் முகவரியும் ஸ்விட்சோடு மாறாததாக இருக்க வேண்டும். வி.ஆர்.ஆர்.பி. அதற்கென ஒரு வரிசையையே ஒதுக்கியிருக்கிறது. உங்கள் அலுவலக விண்டோஸ் கணினியில் இதைப் பார்க்கலாம்:

```
arp -a
```

கேட்வே முகவரிக்கு எதிரே `00-00-5e-00-01-0a` போல இருந்தால், அங்கே வி.ஆர்.ஆர்.பி. ஓடுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கடைசி `0a` என்பது குழு எண் 10.

மாஸ்டர் விநாடிக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று பேக்கப்புக்குக் கேட்கும்படி அறிவிக்கிறது. மாஸ்டருக்கு மின்சாரம் போனால் அந்தக் குரல் நிற்கும்; அந்த மௌனம்தான் பேக்கப்புக்குத் தகவல். மூன்று அறிவிப்புகளுக்கான நேரமும், அதற்கு மேல் முன்னுரிமை எண்ணைப் பொறுத்த ஒரு சிறு இடைவெளியும் காத்திருக்கிறது. எண் 100 என்றால் மொத்தம் சுமார் 3.6 விநாடி. பிறகு தானே மாஸ்டராகி, அந்த மேக் முகவரி இனி என் பக்கம் என்று ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. அதைப் பார்த்து இடையிலுள்ள சிறு ஸ்விட்ச்கள் பாதையைத் திருப்பிக்கொள்கின்றன. கணினியில் எதுவும் மாறவில்லை. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவருக்கு மூன்று, நான்கு விநாடி குரல் கேட்டிருக்காது. டவுன்லோட் சற்றே தயங்கித் தொடரும்.

இதுவரை எல்லாம் நன்று. எனக்குக் கவலை தரும் இடம் வேறு. முதல் ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறது. வெளியே போகும் கேபிள் மட்டும் அறுந்துவிட்டது. கணினிகள் பக்கம் அறிவிப்பு வழக்கம்போல வந்துகொண்டிருப்பதால் பேக்கப் அசையாது. மாஸ்டரோ பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு, அனுப்ப வழியின்றிக் கைவிடும். ஸ்விட்சில் பார்த்தால் நிலை ‘மாஸ்டர்’ என்று ஆரோக்கியமாகவே தெரியும். ஆகவே வெளி கேபிளையும் கண்காணிக்கச் சொல்லி, அது போனால் முன்னுரிமையைக் குறைக்கும்படி அமைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 10 குறைத்தால் 120 என்பது 110 ஆகும். அது இன்னும் 100-ஐவிடப் பெரிது, எதுவும் நடக்காது. 30 குறைத்தால் 90. பேக்கப்பில் ‘பிரீஎம்ப்ட்’, அதாவது தன்னைவிடச் சிறிய எண்ணிடமிருந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும் வசதி, செயலில் இருந்தால் அது முன்வரும்.

அதே பிரீஎம்ப்ட் இன்னோர் இடத்தில் கடிக்கும். நின்ற முதல் ஸ்விட்ச் மீண்டும் எழும்போது, 120 என்ற பலத்தில் உடனே பொறுப்பைப் பறித்துக்கொள்ளும். ஆனால் வெளியுலக வழிகளை அது இன்னும் கற்று முடித்திருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க் அப்போது மீண்டும் விழும். எழுந்த பிறகு ஓரிரு நிமிடம் பொறுக்கும்படி தாமதம் கொடுப்பதே மருந்து.

இவற்றையெல்லாம் சோதிக்க, வெளியிலுள்ள ஒரு சர்வரை நோக்கி `ping -t` ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்தும், கேபிளைப் பிடுங்கியும், மீண்டும் ஏற்றியும் பார்க்க வேண்டும். மூன்றாவதை மறந்துவிடுபவர்களே அதிகம். ஒரேயொரு `Request timed out.` வந்தால் ஒரு விநாடிதான் போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. விண்டோஸ் ஒவ்வொரு பதிலுக்கும் நான்கு விநாடி வரை காத்திருக்கும், 3.6 விநாடித் தடை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.