கோர் காலி, வேலை வரிசையில்

2016-இல் லண்டனில் நடந்த யூரோசிஸ் மாநாட்டில் லினக்ஸ் ஷெட்யூலரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஜான்-பியர் லோஸி, அலெக்சாண்ட்ரா ஃபெடரோவா உள்ளிட்ட ஆறு பேர் எழுதியது. ‘வீணாய்ப்போன கோர்களின் பத்தாண்டு’ என்கிற மாதிரி குத்தலான தலைப்பு வைத்திருந்தார்கள். 64 கோர்கள் கொண்ட ஒரு கணினியில், சில கோர்களின் வாசலில் வேலைகள் வரிசையில் நிற்க, அதே நேரம் வேறு சில கோர்கள் சும்மா கிடந்ததை அவர்கள் காட்டினார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த நான்கு காரணங்களில் ஒன்று வெறும் கவனக்குறைவு அல்ல. நல்ல எண்ணத்தோடு வைத்த விதி ஒன்றுதான் அங்கே காலை வாரியிருந்தது. அது புரிய, ஒரு வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் என்ன செலவாகும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மாற்றும் செயல் மலிவுதான். லினக்ஸில் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை உண்டு. ஒரு வரிசையிலிருந்து வேலையின் பெயரை எடுத்து இன்னொன்றில் சேர்க்க, கர்னலுக்குச் சில மைக்ரோ விநாடிகள் போதும். உண்மையான செலவு அதற்குப் பிறகு வருகிறது. ஒரு தையல்காரரை எழுப்பி அடுத்த மெஷினில் உட்கார வைப்பதைப் போன்றது இது. ஆள் நொடியில் மாறிவிடுவார். வெட்டிய துணியும் நூல்கண்டும் சாக்பீஸும் பழைய மெஷினிலேயே கிடக்கும். கணினியில் அப்படிப் பின்தங்குவது, அந்தக் கோரின் கேஷில் இருக்கும் தரவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வேலை அடிக்கடி தொடும் தரவு 512 கேபி என்று வைத்துக்கொள்வோம். கேஷ் தரவை 64 பைட் துண்டுகளாக வைத்திருப்பதால், இது 8,192 துண்டுகள். புதிய கோரும் பழைய கோரும் ஒரே எல்3 கேஷைப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொரு துண்டையும் அங்கிருந்து எடுக்க ஏறக்குறைய 10 நானோ விநாடி ஆகும். மொத்தம் 82 மைக்ரோ விநாடி. புதிய கோர் வேறு சாக்கெட்டில் இருந்து, ஒவ்வொரு துண்டும் மெயின் மெமரியிலிருந்து வர வேண்டுமென்றால், துண்டுக்கு 100 நானோ விநாடி வீதம் 0.8 மில்லி விநாடி. இது உச்சக் கணக்கு. பிராசசர் பல துண்டுகளை ஒரே சமயத்தில் வரவழைக்கும், அடுத்து வேண்டியதை ஊகித்து முன்கூட்டியே எடுத்தும் வைக்கும். ஆகவே நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனாலும் பக்கத்துக் கோருக்கும் தூரத்துக் கோருக்கும் உள்ள பத்து மடங்கு வித்தியாசம் கவனிக்க வேண்டியது.

இந்த எண்களைக் காத்திருக்கும் நேரத்தோடு ஒப்பிடும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. வரிசையில் முன்னால் நிற்பவன் தன் முறை முடித்து வெளியேற 3 மில்லி விநாடி ஆகிறது என்றால், கேஷை நினைத்துக் காத்திருப்பதைவிட, பக்கத்தில் காலியாக இருக்கும் கோருக்கு உடனே போய்விடுவது முப்பது மடங்குக்கும் மேல் மலிவு. தூரத்துச் சாக்கெட்டுக்குப் போனால்கூட லாபம்தான். அங்கே இன்னொரு தொல்லை இருப்பது உண்மை: வேலை இடம் மாறினாலும் அதன் மெமரி பழைய சாக்கெட்டின் பக்கமே இருந்துவிடும். கேஷ் நஷ்டம் ஒரு முறையோடு முடியும், இந்தத் தூரச் செலவு தொடர்ந்து வரும். இது போக இன்னொரு நிலையும் உண்டு. வேலை நெடுநேரம் தூங்கிக் கிடந்தால், அதன் தரவு இருந்த இடத்தை அதற்குள் வேறு வேலைகள் பிடித்திருக்கும். அப்போது பழைய கோருக்கே திரும்பினாலும் எடுத்துக்கொள்ள அங்கே எதுவும் மிச்சமிருக்காது.

கர்னலுக்கு இதையெல்லாம் அளக்க வழியில்லை. எந்த வேலை கேஷில் எவ்வளவு வைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனவே ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கிறது: கடைசி 0.5 மில்லி விநாடிக்குள் ஓடிய வேலை ‘சூடாக’ இருக்கிறது, சுமையைச் சமப்படுத்தும்போது அதைத் தொடாதே. `migration_cost_ns` என்ற பெயரில் 500000 என்று பதிந்திருக்கும் எண் அதுதான். சில முறை முயன்றும் சுமை சமமாகவில்லை என்றால், சூடான வேலையையும் கர்னல் தூக்கிவிடும். சமப்படுத்துவதும் அருகிலிருந்து தொடங்கும்: முதலில் ஒரே கோரின் இரட்டைத் திரெட்கள், பிறகு ஒரே எல்3-ஐப் பகிரும் கோர்கள், கடைசியில் தூரத்துச் சாக்கெட்டுகள். தூரம் கூடக் கூட, பார்க்கும் இடைவெளியும் கூடும். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

இனி அந்த 64 கோர் கணினிக்கு வருவோம். அதில் எட்டு எட்டுக் கோர்களாக எட்டு நோடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி. அதில் ஒரு வணிக டேட்டாபேஸ், கோருக்கு ஒன்றாக 64 திரெட்களுடன் ஓடியது. எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தது. இடையில் லாக் எழுதுவது போன்ற ஏதோவொரு சில்லறை வேலைக்காக, கர்னலின் திரெட் ஒன்று ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாக ஒரு நோடில் எட்டிப்பார்க்கிறது. அந்தக் கணத்தில் சுமையைப் பார்த்த ஷெட்யூலர், ‘இங்கே நெரிசல்’ என்று ஒரு டேட்டாபேஸ் திரெட்டைப் பக்கத்து நோடுக்கு அனுப்பிவிடுகிறது. சில்லறை வேலை முடிந்ததும் இங்கே ஒரு கோர் காலி, அங்கே எட்டுக் கோர்களுக்கு ஒன்பது திரெட்.

இது தானாகச் சரியாகியிருக்க வேண்டும். டேட்டாபேஸ் திரெட்கள் ஓயாமல் தூங்கி எழுபவை, ஒன்றையொன்று எழுப்புபவை. எழும் ஒவ்வொரு முறையும் ஷெட்யூலர் புதிதாக ஒரு கோரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எழுப்பியவர் இருக்கும் நோடிலேயே எழுபவரும் கடைசியாக ஓடியிருந்தால், அந்த நோடின் கோர்களை மட்டுமே அது தேடியது. கேஷில் இருப்பது வீணாகக் கூடாது என்பதுதான் காரணம். விளைவாக, ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் அதே எட்டுக் கோர்களுக்குள்ளேயே எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் செய்த திருத்தம் எளிமையானது: எழும் திரெட் கடைசியாக ஓடிய கோர் காலியாக இருந்தால் அங்கேயே போகட்டும், இல்லையென்றால் கணினி முழுவதிலும் அதிக நேரம் சும்மா இருந்த கோருக்குப் போகட்டும். டேட்டாபேஸ் சோதனையில் ஒரு கேள்விக்கு விடை வரும் நேரம் ஏறத்தாழ 22 சதவீதம் வரை குறைந்தது.

இத்தனை நாள் யாரும் கவனிக்காததற்குக் காரணம், வழக்கமான கருவிகளில் இது தெரியாது என்பதே. `top` காட்டுவது சில விநாடிகளின் சராசரி. ஒரு கோர் மாறி மாறிச் சில நூறு மில்லி விநாடி சும்மா இருந்தால் அதில் கரைந்துபோகும். அதனால் அவர்கள் தனியாக ஒரு சோதனை நிரலை எழுதினார்கள். அது விநாடிக்கு ஒரு முறை எழுந்து, எங்காவது காலி கோரும் வேறெங்காவது காத்திருக்கும் வேலையும் ஒருசேர இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் 100 மில்லி விநாடி கவனித்து, நிலைமை தானாகச் சீராகிறதா என்று பார்க்கும். தற்காலிகத் தடுமாற்றத்தைக் குற்றமாக எண்ணிவிடாமலிருக்க அந்தக் கவனிப்பு தேவைப்பட்டது.

உங்கள் சர்வரில் வேலை அடிக்கடி இடம் மாறுகிறதோ என்ற சந்தேகம் வந்தால், இப்படிப் பார்க்கலாம்:

```
perf stat -e cpu-migrations,context-switches,cache-misses ./prog
taskset -c 3 ./prog
```

முதல் வரி, எத்தனை முறை கோர் மாறியது, கேஷ் எத்தனை முறை கைவிட்டது என்று எண்ணிச் சொல்லும். இரண்டாவது, நிரலை 3-ஆம் கோரோடு கட்டிப்போடும். இந்தக் கட்டுதலைத்தான் அஃபினிட்டி என்கிறார்கள். கோர் மாறிய எண்ணிக்கை மட்டும் பெரிதாக இருந்து கேஷ் தவறுதல் கூடவில்லை என்றால், கட்டிப்போட்டு ஒன்றும் கிடைக்காது. கட்டிய பிறகு அந்தக் கோருக்கு வேறு வேலை வந்துவிட்டால், பக்கத்தில் பத்துக் கோர்கள் காலியாக இருந்தாலும் உங்கள் நிரல் அங்கேயே காத்துக்கிடக்கும். நீங்கள் போட்ட கட்டை ஷெட்யூலர் அவிழ்க்காது. இரண்டு வேலைகளைக் கட்டுவதானால், முதலில் `lscpu -e` கொடுத்து CORE என்ற நெடுவரிசையைப் பாருங்கள். வேறு வேறு எண் கொண்ட இரண்டு CPU-க்கள் அங்கே ஒரே கோரின் இரட்டைத் திரெட்களாக இருக்கக்கூடும். அவற்றில் ஒவ்வொரு வேலையைக் கட்டினால், இரண்டும் ஒரே எல்1 கேஷுக்குப் போட்டி போடும்.