இடம் முடிவாகவில்லை, தேதி மட்டும் முடிவு: ஆண்டுக் குழுப் பயணத்தை முன்கூட்டியே அறிவிப்பது எப்படி?

“இவ்வாண்டு டீம் பில்டிங் நவம்பரில். விவரம் பின்னர்.” அலுவலகப் புலனக் குழுவில் இப்படி ஒரு வரி வந்தால் அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. நவம்பரில் எந்த நாள்? தோட்டத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகும் வாரமா? சனி, ஞாயிறும் போய்விடுமா? எல்லாம் முடிவான பிறகு மூன்று வாரத்துக்கு முன் முழு விவரத்தையும் அனுப்பும் அலுவலகங்களும் உண்டு. அதற்குள் பாதிப் பேர் வேறு எதற்காவது வாக்குக் கொடுத்திருப்பார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் ‘சேவ் த டேட்’ எனப்படும் தேதி முன்னறிவிப்பு. தங்குவிடுதி, நிகழ்ச்சி நிரல், சாப்பாடு எதுவும் முடிவாகாமல் இருக்கலாம். தேதி மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். ஆகவே வேலை தொடங்குவது தேதியைத் தேர்ந்தெடுப்பதில்.

ஓர் எடுத்துக்காட்டு. ஷா ஆலாமில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம், 2026-இன் கடைசி மாதங்களில் வெள்ளி முதல் ஞாயிறு வரை வெளியூரில் தங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்களும் விடுமுறை. அதனால் அதற்கடுத்த வார இறுதியான நவம்பர் 13 முதல் 15 வரை, நாள்காட்டியைப் பார்ப்பவருக்குக் காலியாகத் தெரியும். ஆனால் அந்த ஞாயிறுதான் கந்த சஷ்டியின் சூரசம்ஹாரம். ஆறு நாள் விரதம் இருப்பவர் ஐந்தாம் நாள் விடுதி பஃபே மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டார். பொது விடுமுறைப் பட்டியலில் சஷ்டி இல்லாததால் மனிதவள அதிகாரிக்கு இது தெரிய வழியில்லை.

அக்டோபர் 23 முதல் 25 வரை என்றால் தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் கடைத்தெரு நெரியும் வார இறுதி அது. முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுத்துச் செய்யும் குடும்பங்களுக்கு வருமானம் வரும் நாட்களும் அவைதாம். அக்டோபர் 2 முதல் 4 வரை? அந்தச் சனி புரட்டாசிச் சனி. ஆனால் அது சாப்பாட்டுப் பட்டியலை மட்டும்தான் தொடுகிறது. சைவ உணவு வேண்டும் என்பதைப் பிறகு விடுதியிடம் சொல்லிக்கொள்ளலாம். எது தேதியையே கெடுக்கும், எது பின்னால் சரிசெய்யக்கூடிய விவரம் என்று பிரித்துப் பார்த்தால் அக்டோபர் 2-தான் தேறும்.

இதற்கு மேலும் எந்த நாள்காட்டியிலும் இல்லாத நாட்கள் இருக்கின்றன. தோட்டத்துக் கோவில் திருவிழா தேதி அந்தக் கோவில் தலைவருக்கும் ஊர்க்காரர்களுக்கும்தான் தெரியும். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து இருபது ஆண்டு ஆனாலும் அந்த ஒரு நாளுக்குத் திரும்பிப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கேட்பதற்கான வாய்ப்பும் இந்த முன்னறிவிப்புதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மேலாளரிடம் தேதிக்கும் செலவுக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். அடுத்து, இரண்டு மூன்று விடுதிகளிடம் அந்த நாட்களில் அறை இருக்கிறதா என்று கேட்டு, முன்பணம் கட்டாமல் சில நாள் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டும். பிறகு முன்னறிவிப்பை அனுப்பி, இரண்டு வாரம் ஆட்சேபத்துக்கு விட வேண்டும். முன்பணம் அதற்கப்புறம்தான். முன்பணம் கட்டிய பிறகு ‘யாருக்காவது சிரமமா?’ என்று கேட்பது வெறும் மரியாதைக்கான கேள்வி. பதில் எதுவானாலும் தேதி மாறப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜூன் முதல் வாரத்தில் அனுப்பக்கூடிய குறிப்பு இப்படி இருக்கலாம்:

“ஆண்டுக் குழுப் பயணம்: 2 அக்டோபர் 2026 (வெள்ளி) முதல் 4 அக்டோபர் (ஞாயிறு) வரை. வெள்ளி காலை 8 மணிக்கு அலுவலகத்திலிருந்து புறப்பாடு. ஞாயிறு மாலை 5 மணிக்குள் திரும்பிவிடுவோம். இடம் இன்னும் முடிவாகவில்லை. பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடமாக இருக்கும். பயணம், அறை, உணவுச் செலவு நிறுவனத்துடையது. ஆண்டு விடுப்பில் கழிக்கப்படாது. இப்போது பெயர் பதிய வேண்டாம். இந்த நாட்கள் ஒத்துவராதவர்கள் ஜூன் 15-க்குள் மனிதவளப் பிரிவிடம் சொல்லவும். காரணம் சொல்லத் தேவையில்லை. அடுத்த அறிவிப்பு ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை.”

இதில் விடுதியின் பெயர் இல்லை. அது இப்போது தேவையும் இல்லை. சிறு பிள்ளை வைத்திருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது எத்தனை இரவு வெளியே இருக்க வேண்டும், ஞாயிறு எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பதுதான். விடுப்பு பற்றிய வரியையும் விட்டுவிடக் கூடாது. 1955 வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச விடுப்பு 8 நாள். அந்த எட்டை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர், வெள்ளிக்கிழமை தன் கணக்கில் கழியுமோ என்று நான்கு மாதம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பயணம் கட்டாயம் என்றால் ஓய்வு நாளுக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதையும் மேலாளரிடம் முன்பே கேட்டு எழுதிவிடுவது நல்லது.

முடிவாகாததை முடிவானதுபோல் எழுதுவது பெரிய தவறு. ‘லங்காவியாக இருக்கலாம்’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், அன்றைக்கே யாராவது மலிவு விமான டிக்கெட் தேடத் தொடங்கிவிடுவார். பிறகு போர்ட்டிக்சன் என்று அறிவித்தால் அந்த வருத்தம் பயணம் முழுக்கக் கூடவே வரும்.

அனுப்பும் வழியிலும் கவனம் வேண்டும். புலனத்தில் ஒரு செய்தியைப் பின் செய்தால் அதிகபட்சம் 30 நாள்தான் மேலே நிற்கும். ஜூனில் பின் செய்தது ஜூலையில் மறைந்துவிடும். மின்னஞ்சல் நாள்காட்டியில் மூன்று நாளுக்கும் ஒரே பதிவாகப் போடலாம். அவுட்லுக்கில் அதை Tentative என்று காட்டும்படி வைக்கலாம். இடம் முடிவானதும் அதே பதிவைத் திருத்த வேண்டும். புதிதாக இன்னொன்று அனுப்பினால் சிலர் பழையதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அலுவலக மின்னஞ்சலே இல்லாதவர்களும் அந்த நாற்பது பேரில் இருப்பார்கள்: லாரி ஓட்டுநர், கிடங்கு ஊழியர், துப்புரவுப் பணியாளர். அவர்களுக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். அதைவிட முக்கியம், ஷிப்ட் பட்டியல் போடுகிறவருக்கு நேரில் சொல்வது. அவருக்குத் தெரியாமல் போனால் அக்டோபர் 3 இரவு வேலைக்கு யார் பெயரையாவது எழுதிவிடுவார். அந்த ஒருவர் பயணத்துக்கு வர முடியாது.

எவ்வளவு பார்த்தாலும் தப்பும் தேதிகள் உண்டு. 2022-இல் நவம்பர் 18 முதல் 20 வரை பயணம் என்று ஜூனிலேயே அறிவித்த நிறுவனம் எதுவாக இருந்தாலும், அது எந்தத் தவறும் செய்திருக்காது. அக்டோபர் 10-ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. வாக்களிப்பு நாள் நவம்பர் 19 என்று வந்தது. அப்படி நேர்ந்தால் பழைய குறிப்புக்குப் பதிலாக, ‘அந்தத் தேதி ரத்து’ என்பதை முதல் வரியில் வைத்து உடனே அறிவிக்க வேண்டும். புதிய தேதி கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பலர் அந்த நாட்களுக்கு வந்த வேறு வேலைகளை மறுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 3 வந்தும் இடம் முடிவாகாமல் போகலாம். அன்றும் ஒரு வரி போக வேண்டும்: “தேதியில் மாற்றமில்லை. இடம் ஆகஸ்ட் 17-இல் தெரிவிக்கப்படும்.”