பொறாமையின் கணக்கு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் கிளிக் கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சம்பந்தாண்டானின் நினைவு வரும். மன்னன் பிரபுடதேவராயனுக்கு நெருக்கமாக இருந்த அவர், அருணகிரிநாதரின் புகழைக் கண்டு புழுங்கினார் என்கிறது தல வரலாறு. பாரிசாத மலர் கொண்டுவருவதற்காக அருணகிரியார் தம் உடலைக் கோபுரத்தில் விட்டுக் கிளியின் உடலில் புகுந்து சென்றார். அந்த நேரம் பார்த்து, அவர் இறந்துவிட்டார் என்று மன்னனிடம் சொல்லி உடலை எரிக்கச் செய்தார் சம்பந்தாண்டான். திரும்பி வந்த அருணகிரியார் கிளியாகவே இருந்து பாடினார் என்று கதை முடிகிறது.

சம்பந்தாண்டான் என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது என்பதை மட்டும் கதை சொல்வதில்லை. பாடும் ஆற்றலா, மன்னனின் அன்பா, தெய்வத்தின் தரிசனமா? அவரே உட்கார்ந்து எழுதிப் பார்த்திருந்தால் அவருக்காவது தெரிந்திருக்கும். சில மாதங்களுக்கு முன் நான் அவ்வாறு எழுத நேர்ந்தது. என் பொறாமைக்கு ஆளானவர் பகைவர் அல்லர். நாற்பத்தைந்து ஆண்டுக் கால நண்பர்.

நாங்கள் இருவரும் ஒரே விடுதி அறையில் தங்கிப் பொருளியல் படித்தவர்கள். இருவருமே கிராமப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றோம். வெவ்வேறு கல்லூரிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோம். ஓய்வுக்குப் பின் அவர், தாம் இளமையில் ஆய்வு செய்த தென்பெண்ணைக் கரைக் கிராமத்துக்கு மீண்டும் சென்று, எட்டு ஆண்டுகள் உழைத்து ஒரு நூல் எழுதினார். அதற்கு ஒரு விருது கிடைத்தது. வெளியீட்டு விழாவில் நான் வாழ்த்துரை வழங்கினேன். மனமாரப் பாராட்டுவதாகவே நினைத்துக்கொண்டேன். அன்றிரவு நூலைப் புரட்டியபோது ஓர் அட்டவணையின் கூட்டுத்தொகையில் பிழை ஒன்று கண்ணில் பட்டது. உடனே எனக்குள் எழுந்தது மகிழ்ச்சி! மாணவனின் விடைத்தாளில்கூட அப்படியொரு மகிழ்ச்சியோடு நான் பிழை கண்டதில்லை. அப்போதுதான் என் நிலை எனக்குப் புரிந்தது.

நெருங்கிய நண்பரின் வெற்றி ஏன் இப்படிச் சுடுகிறது? தொழிலதிபர் ஒருவரின் கோடிகள் என் உறக்கத்தைக் கெடுத்ததில்லை. அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் டெசர் இதற்கு இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார்: வென்றவர் நமக்கு நெருக்கமானவராக இருக்க வேண்டும், அவர் வென்ற துறை, நாம் நம்மை அளந்துகொள்ளும் துறையாகவும் இருக்க வேண்டும். 1980இல் அவரும் ஜொனாதன் ஸ்மித்தும் வெளியிட்ட ஆய்வில், சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றில் பிறருக்குக் குறிப்புகள் கொடுக்கும்படி பங்கேற்றவர்களிடம் கூறப்பட்டது. அது வெறும் விளையாட்டு என்று சொல்லப்பட்டபோது நண்பருக்கு எளிய குறிப்புகள் கிடைத்தன. அறிவுத் திறனைக் காட்டும் சோதனை என்று சொல்லப்பட்டபோதோ, அந்நியருக்குக் கொடுத்ததைவிடக் கடினமான குறிப்புகளை நண்பருக்குக் கொடுத்தார்கள். என் நண்பர் வீணை வாசித்து விருது வாங்கியிருந்தால் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். அவர் வென்றது என் களத்தில்.

ஆகவே, பொறாமை வந்த இடம் நம் விருப்பம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. ஆனால் எந்த விருப்பம் என்பதை அது சொல்வதில்லை. அதைக் கண்டறியவே எழுத வேண்டியிருக்கிறது.

முதல் நாள் எழுதியது பயனற்றுப் போனது. இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். 'அவருக்கு எப்போதுமே ஆட்களைத் தெரியும்', 'அவருடைய நடை ஒன்றும் பெரிதில்லை', 'அந்த விருதுக்குழுவைப் பற்றித் தெரியாதா' என்றே வாக்கியங்கள் நீண்டன. ஏறக்குறைய எல்லா வாக்கியங்களுக்கும் எழுவாய் 'அவர்'. எழுத்து தடம் மாறியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அது குற்றப்பத்திரிகை, சம்பந்தாண்டானும் மன்னனிடம் இதைத்தான் வாசித்திருப்பார். 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட இல்லாத வரையில் நம்மைப் பற்றி எதுவும் தெரியவராது.

இரண்டாம் நாள் என் பாடத்திலிருந்தே ஒரு கருவி கைகொடுத்தது. பங்கீட்டின் நியாயத்தைப் பற்றிப் பேசும் பொருளியலாளர்கள் 'பொறாமையற்ற பகிர்வு' என்றொரு கருத்தைப் பயன்படுத்துகிறார்கள். டங்கன் ஃபோலி 1967இல் முன்வைத்து, ஹால் வேரியன் 1974இல் விரித்துரைத்தது அது. தம் பங்கைவிட மற்றவரின் பங்கை எவரும் விரும்பாவிட்டால் அந்தப் பகிர்வில் பொறாமை இல்லை என்பது இலக்கணம். இதில் கவனிக்க வேண்டியது, ஒப்பிடப்படுவது முழுப் பங்கு என்பதே. அவர் தட்டிலிருந்து ஒரு கனியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தட்டையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

எனவே நண்பரின் தட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எழுதினேன். நூல், விருது, மேடை, நாளிதழில் வந்த படம். அவற்றோடு எட்டு ஆண்டுப் பேருந்துப் பயணம், வெயிலில் நடந்து தேய்ந்த முழங்கால், மனைவி காலமான பின் ஆளற்றுப் போன வீடு. என் தட்டில் பேரக் குழந்தைகள், மாலையில் கிரிவலப் பாதையில் ஒரு நடை, மனைவியின் துணை. மாற்றிக்கொள்வேனா? எழுதி முடிக்கும் முன்பே 'மாட்டேன்' என்று கை எழுதிவிட்டது. அப்படியானால், ஃபோலியின் இலக்கணப்படி எனக்கு நண்பரிடம் பொறாமையே இல்லை. இருந்தும் நெஞ்சு எரிந்தது. அவருடைய வாழ்க்கை முழுவதும் எனக்கு வேண்டியதில்லை. அதில் ஏதோ ஒன்றுதான் வேண்டும்.

மூன்றாம் நாள் அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். அவருக்கு விருதே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்று எழுதினேன். எரிச்சல் அப்படியே இருந்தது. இது எனக்கே வியப்பாக இருந்தது. நாளிதழில் படம் வரவில்லை என்று எழுதினேன். எரிச்சல் சற்றுக் குறைந்தது, அதை மறைப்பானேன்? நூலை அவர் தம் வீட்டு மேசையில் உட்கார்ந்து, அரசுப் புள்ளிவிவரங்களை மட்டும் வைத்து எழுதினார் என்று வைத்துக்கொண்டேன். எரிச்சல் அடங்கிவிட்டது. அவர் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போனார் என்பதுதான் முள்.

இதை விளக்க வேண்டும். 1986இல் செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 120 நிலக்கடலை விவசாயக் குடும்பங்களைச் சந்தித்து நான் கணக்கெடுத்தேன். அப்போது எங்கள் பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல். அந்த மாவட்டம் கிராம ஆய்வுகளில் பேர்பெற்றது. 1970களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியின் விளைவுகளை இங்குள்ள கிராமங்களில் ஆராய்ந்தனர். 1980களில் வேறொரு குழு அதே வட்டாரத்துக்குத் திரும்பி வந்து ஆராய்ந்தது. ஆரணியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பார்பரா ஹாரிஸ்-வைட் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவந்தார். கிராம ஆய்வில் இரண்டாம் வருகைக்குத் தனி மதிப்பு உண்டு. முதல் வருகையில் யாரிடம் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியும். கிணறு வற்றிய பின் யார் நிலத்தை விற்றார், யார் பெங்களூருக்குப் போனார், யாருடைய மகள் ஆசிரியை ஆனார் என்பதெல்லாம் இரண்டாம் வருகையில்தான் தெரியும். பத்து ஆண்டுகள் கழித்து வருவதாக அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு தேர்வுத் தாள்கள், துறைத் தலைமை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு. நான் போகவில்லை.

மனிதரின் விருப்பத்தை அவர் தேர்ந்தெடுப்பதைக் கொண்டே அறியலாம் என்பது சாமுவேல்சன் 1938இல் முன்வைத்த கொள்கை. முப்பது ஆண்டுகள் அதை வகுப்பில் நடத்தினேன். அதன்படி பார்த்தால், எனக்கு அந்த ஊருக்குப் போக விருப்பமே இருக்கவில்லை, போகாததே சான்று. தேர்ந்தெடுக்காமல் விட்ட விருப்பங்கள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. என்னிடம் அது வேறொரு பதிவேட்டில் ஏறியிருந்தது. நண்பரின் நூலைத் திறந்தபோதுதான் அதைப் படிக்க முடிந்தது.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தை நீக்கியபோது எரிச்சல் சற்றுக் குறைந்தது என்றேன் அல்லவா? அந்தப் பகுதிக்குக் கீழே ஆழ்ந்த விருப்பம் எதுவும் இல்லை. அது வெறும் வரிசை எண்ணின் வலி. 1998இல் சோல்னிக், ஹெமன்வே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மற்றவர்கள் 25,000 டாலர் பெறும் உலகில் 50,000 பெறுவதா, மற்றவர்கள் 2,00,000 பெறும் உலகில் 1,00,000 பெறுவதா என்று அவர்கள் கேட்டார்கள். பொருள்களின் விலை இரண்டிலும் ஒன்றே. பதில் அளித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னதைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்டை வீட்டாரைவிட மேலே இருப்பதற்காகப் பாதி வருமானத்தை விட்டுக்கொடுக்கத் துணியும் அந்தப் பாதிப் பேரில் நானும் ஒருவன். பொறாமை முழுவதையும் 'என் கனவின் குரல்' என்று அழகுபடுத்திக்கொள்வதும் ஒரு பொய்தான். எதை நீக்கினால் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, இரண்டையும் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது.

எழுதிய தாள்களை நண்பரிடம் காட்டவில்லை. முதல் நாள் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவை அவருக்கு வலியைத் தரும். எனக்கும் அவற்றால் இனிப் பயனில்லை. ஆனால் கூட்டுத்தொகைப் பிழையை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். அடுத்த பதிப்பில் திருத்த உதவுமல்லவா? தொலைபேசியில் சொன்னேன். 'நல்ல வேளை, நீயே பார்த்துட்டே' என்று சிரித்தார். அதன்பின் அவரிடம் கேட்டேன்: முப்பது ஆண்டுகளுக்குப் பின் பழைய குடும்பங்களை எப்படித் தேடிக் கண்டுபிடித்தாய்?

அவர் ஒரு மணி நேரம் பேசினார். ரேஷன் கடையில் தொடங்கக் கூடாது, பெயர்கள் மாறியிருக்கும். ஊரின் மூத்த பெண்மணி ஒருவரிடம் பழைய பட்டியலைப் படித்துக் காட்ட வேண்டும், யார் யாருடைய மகன் என்று அவரே சொல்லிவிடுவார் என்றார். வெளியூர் போனவர்களின் எண்களைத் திருவிழா நாளில் வாங்கிக்கொள்வது எளிது என்றார். 'முதல் நாள் நானும் வரேன். முழங்கால்தான் படுத்துது, பஸ் ஏறிடுவேன்' என்றும் சொன்னார்.

பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கியாயிற்று. கணக்கேடுகளின் ஓரங்களைச் செல் அரித்திருக்கிறது, எழுத்து அழியவில்லை. முதல் பக்கத்தில் முதல் குடும்பம்: நிலம் இரண்டரை ஏக்கர், கிணறு ஒன்று, ஆழம் 38 அடி, ஆயில் இன்ஜின். ஓரத்தில் என் இளமைக்காலக் கையெழுத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருக்கிறது: 'அடுத்த முறை வரும்போது கிணற்றை மறுபடி அளக்கவும்.'