ரான்ஸ்கியன் சுழியானால் என்ன பொருள்?

ஸ்பிரிங்கில் தொங்கும் எடை ஒன்று கெட்டியான எண்ணெய்க்குள் நகர்கிறது. அதன் நகர்வைச் சொல்லும் சமன்பாடு y″ + 4y′ + 3y = 0 என்று வைத்துக்கொள்வோம். e^(−t), e^(−3t) இரண்டும் இதன் தீர்வுகள். t என்பது நேரம். எடையை எப்படி விட்டாலும் அதன் நகர்வை c₁e^(−t) + c₂e^(−3t) என்று எழுதிவிட முடியுமா?

எடை புறப்படும் இடமும் அப்போதைய வேகமும் நமக்குத் தெரியும். அவற்றிலிருந்து c₁, c₂ இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு சமன்பாடுகள், தெரியாத எண்கள் இரண்டு. கெழுக்களின் அணிக்கோவை சுழியாக இல்லாவிட்டால் விடை நிச்சயம் கிடைக்கும், அதுவும் ஒன்றே ஒன்று. அந்த அணிக்கோவைதான் ரான்ஸ்கியன்:

W = y₁y₂′ − y₁′y₂

போலந்துக் கணிதர் வ்ரோன்ஸ்கியின் நினைவாக இந்தப் பெயரை 1882-இல் சூட்டியவர் தாமஸ் மியூர்.

நம் தீர்வுகளைப் போட்டுப் பார்ப்போம். y₁′ = −e^(−t); y₂′ = −3e^(−3t). ஆகவே W = −3e^(−4t) + e^(−4t) = −2e^(−4t). இது எந்த நேரத்திலும் சுழியாகாது. ஒரு தீர்வை எண்ணால் பெருக்கி மற்றதைப் பெற முடியாது. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. மாறாக e^(−t), 5e^(−t) என்று எடுத்திருந்தால் W முழுவதும் சுழி. இரண்டாவது தீர்வு புதிதாக எதையும் தரவில்லை.

விடையில் e^(−4t) வந்தது தற்செயல் அல்ல. W-ஐ வகையிட்டு, y″-க்குப் பதிலாக −4y′ − 3y என்று இட்டால், 3 உள்ள உறுப்புகள் அடிபட்டு W′ = −4W மட்டும் மிஞ்சும். ஏபெல் கண்ட இந்த உண்மைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்: தீர்வுகளே தெரியாவிட்டாலும் W = Ce^(−4t) என்று சொல்லிவிடலாம். C சுழி என்றால் W எங்கும் சுழி. இல்லையென்றால் எங்கும் சுழியல்ல. எனவே t = 0 என்ற ஒரே புள்ளியில் சோதித்தால் போதும். அங்கே W = −2.

இங்கே இரண்டு இடங்களில் வழுக்கும். முதலாவது, அளவு. t = 5 ஆகும்போது W சுமார் −0.000000004. கணினித் திரையில் இதைப் பார்ப்பவர் சுழி என்றே எண்ணுவார், ஆனால் தீர்வுகளின் சார்பின்மை கொஞ்சமும் குறையவில்லை.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. x², x|x| என்ற இரண்டையும் 1889-இல் பேயானோ எடுத்துக்காட்டினார். அவற்றின் வகைக்கெழுக்கள் 2x, 2|x|. பெருக்கிக் கழித்தால் W எங்கும் சுழி. ஆனால் x நேர்மமாக இருக்கும்போது இரண்டும் சமம், எதிர்மமாக இருக்கும்போது ஒன்று மற்றதன் எதிர்க்குறி. முழுக் கோட்டுக்கும் பொருந்தும் ஒரே பெருக்கெண் கிடையாது. அதாவது, அவை ஒன்றையொன்று சாராதவையே. முழுக் கோட்டிலும் தொடர்ச்சியான கெழுக்கள் கொண்ட y″ + py′ + qy = 0 எதற்கும் இவை தீர்வாக முடியாது என்பதால் ஏபெலின் உறுதி இங்கே செல்லாது.

W சுழி என்று வந்தால் உடனே "சார்ந்தவை" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் அப்படிப்பட்ட ஒரே சமன்பாட்டின் தீர்வுகள்தானா என்று முதலில் பாருங்கள்.